மணி அடித்தால் அறுந்துபோகும் பிராட்பேண்ட்: ஸ்ப்ளிட்டரா, தளர்ந்த இணைப்பா?

கேள்வி: எங்கள் வீட்டில் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் பிராட்பேண்ட் வருகிறது. போன் மணி அடித்தாலோ, மாடியில் யாராவது ரிசீவரை எடுத்தாலோ மோடத்தில் DSL விளக்கு மினுக்க ஆரம்பித்துவிடுகிறது. ஒரு நிமிடம் கழித்துத்தான் இணையம் திரும்ப வருகிறது. சில நாள் அதிகாலையில் யாருமே பேசாதபோதும் இப்படிச் சிங்க் போகிறது. புது மோடம் வாங்கிப் போட்டும் சரியாகவில்லை. ஸ்ப்ளிட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும்?

பதில்:

நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் ஒரே பழுதின் விளைவாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரிசீவரை எடுக்கும்போது சிங்க், அதாவது மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் உள்ள ஒத்திசைவு, போவது பெரும்பாலும் ஸ்ப்ளிட்டர் என்னும் வடிகட்டி இல்லாத ஒரு போன் எங்கோ லைனில் மாட்டப்பட்டிருப்பதைக் காட்டும். யாரும் பேசாத நேரத்தில், அதுவும் அதிகாலையில் போவது பெரும்பாலும் தளர்ந்த அல்லது களிம்பு பிடித்த இணைப்பைக் காட்டும். மோடத்தின் திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால்தான் பலரும் முதலில் மோடத்தை மாற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள். ஆனால் தொலைபேசியில் பேசும்போது இந்த இரண்டு பழுதுகளும் நேரெதிராக நடந்துகொள்கின்றன. அதை வைத்தே பெரும்பாலும் பிரித்தறிந்துவிடலாம்.

அதற்கு முன், மினுக்குவது எந்த விளக்கு என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. எல்லா விளக்குகளும் ஒருமுறை அணைந்து எரிந்தால் மோடத்துக்குப் போகும் மின்சாரத்தில், அதாவது அடாப்டரில், கோளாறு. DSL விளக்கு நிலையாக எரிய, Internet விளக்கு மட்டும் அணைந்தால் பயனர் பெயர், கடவுச்சொல் போன்ற உள்நுழைவு விவகாரம். DSL விளக்கே மினுக்கினால்தான் செப்புக் கம்பியைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் சொல்வது அதுவே என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

ஒரு செப்புக் கம்பி இணையில் குரலும் இணையமும் சேர்ந்து வர முடிவதற்குக் காரணம், இரண்டும் வெவ்வேறு அலைவரிசையில் போவதுதான். குரல் ஏறத்தாழ 4 கிலோஹெர்ட்சுக்குள் அடங்கிவிடுகிறது. தொலைபேசிக் கம்பியில் இணையத்தைக் கொண்டுவரும் ஏடிஎஸ்எல் முறை ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்சுக்கு மேலேதான் தொடங்குகிறது. 138 வரை நீங்கள் அனுப்பும் தரவுக்கும், அதற்கு மேல் 1,104 வரை உங்களுக்கு வரும் தரவுக்கும் பயன்படுகிறது. பின்னால் வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ் அந்த மேல் எல்லையை 2,208 கிலோஹெர்ட்சுக்கு உயர்த்தியது. இந்த அகன்ற பரப்பு 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள நூற்றுக்கணக்கான சிறு தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மோடம் எழும்போது, எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவியோடு சேர்ந்து ஒவ்வொரு தடத்திலும் சமிக்ஞை எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று அளக்கிறது. சுத்தமான தடத்தில் நிறைய பிட்டுகள், அழுக்கான தடத்தில் குறைவு, மிக மோசமான தடத்தில் ஒன்றுமில்லை என்று பங்கிட்டு, மேலும் ஓர் இடைவெளியைப் பாதுகாப்புக்காக விட்டுவைத்து, இருவரும் உடன்பட்ட பிறகே DSL விளக்கு நிலையாக எரிகிறது. அந்தப் பாதுகாப்பு இடைவெளிதான் மோடத்தின் பக்கத்தில் SNR Margin என்று டெசிபெல்லில் காட்டப்படுவது. பொதுவாக 6 டெசிபெல் வைத்துத்தான் உடன்பாடு தொடங்கும். உங்கள் திட்டத்தின் வேகம் லைனின் திறனைவிடக் குறைவாக இருந்தால் அதைவிட அதிகமாகவே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த உடன்பாடு அந்த நேரத்தில் கம்பி இருந்த நிலைமைக்கானது என்பதாகும். வெயில் ஏறி இரைச்சல் மெல்ல மாறினால் மோடம் பிட்டுகளை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திச் சமாளித்துக்கொள்ளும். நொடிப்பொழுதில் கம்பியின் குணமே மாறினால் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. பிழைகள் குவிகின்றன, இடைவெளி பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, சில நொடிகள் அப்படியே நீடித்தால் உடன்பாட்டைக் கைவிட்டு முதலிலிருந்து அளக்கத் தொடங்குகிறது. நீங்கள் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடம் இந்த மறு அளவைக்குத்தான் செலவாகிறது.

இப்போது வடிகட்டி இல்லாத போன் என்ன செய்கிறது என்று பாருங்கள். ரிசீவர் வைக்கப்பட்டிருக்கும்போது போனில் லைனோடு சேர்ந்திருப்பது மணிச் சுற்று மட்டுமே. அது உயர் அலைகளைச் சிறிது உறிஞ்சினாலும், மோடம் எழுந்தபோதே அந்தச் சுமையும் லைனில் இருந்ததால் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதனால் நாள் முழுக்க எந்தத் தொல்லையும் தெரியாது. ரிசீவரை எடுத்த நொடியில் போனின் பேச்சுச் சுற்று முழுவதும் லைனின் குறுக்கே வந்து அமர்கிறது. லைனில் இருந்த 48 வோல்ட் சுமார் பத்து வோல்ட் அளவுக்கு இறங்குகிறது. உயர் அலைகளுக்கு அந்தப் போன் கிட்டத்தட்ட ஒரு குறுக்கு வழியாகிவிடுகிறது. மோடத்துக்குப் போக வேண்டிய மெல்லிய சமிக்ஞையின் பெரும்பகுதி அதற்குள் போய் மறைகிறது. இதோடு நிற்பதில்லை. போனுக்குள் உள்ள டயோடுகள் தம் வழியாகப் போகும் அலைகளைச் சிதைத்துக் கலந்து, உங்கள் மோடம் மேலே அனுப்பும் சமிக்ஞையின் கலப்புத் துண்டுகளைக் கீழே வரும் அலைவரிசையில் கொட்டுகின்றன. எக்ஸ்சேஞ்சிலிருந்து பல கிலோமீட்டர் நடந்து வந்த சமிக்ஞை மிக மெலிந்திருக்கும் இடத்தில், பக்கத்தில் நிற்கும் மோடத்தின் வலுவான சமிக்ஞையின் துண்டுகள் விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதே டயோடுகளின் வேலையால்தான் அந்தப் போனில் பேசுபவருக்கு ஒரு “ஸ்ஸ்” என்ற சீறலும் கேட்கிறது. சீறல் கேட்கும் போனுக்கு வடிகட்டி இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லலாம்.

மணி அடிக்கும்போது லைனில் 75 வோல்ட் அளவிலான மாறுமின்னழுத்தம் நொடிக்கு இருபது, இருபத்தைந்து முறை ஏறி இறங்குகிறது. வடிகட்டி இல்லாத போனின் மணிச் சுற்று அந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து தன் சுமையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை எடுத்தால் ஏற்படும் திடீர் அதிர்ச்சி எல்லாவற்றிலும் மோசமானது. சரியான வடிகட்டி இருந்தால்கூட அந்தக் கணத்தில் சில பிழைகள் பதிவாகலாம்; அவை ஒத்திசைவை அறுப்பதில்லை.

ஸ்ப்ளிட்டரின் வேலை எளிமையானது. அதன் லைன் துளைக்கும் போன் துளைக்கும் நடுவே கம்பிச் சுருள்களும் மின்தேக்கியும் உள்ளன. அவை குரலையும் மணியையும் நேர்மின்னோட்டத்தையும் விட்டுவிட்டு, உயர் அலைகளை இரு பக்கமும் தடுக்கின்றன. மோடம் துளைக்குப் போகும் வழியில் அந்தத் தடை இருப்பதில்லை. மோடத்துக்குத் தேவையான வடிகட்டி அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவே வடிகட்டி பாதுகாப்பது, தனக்குப் பின்னால், அதாவது போன் துளைக்குப் பின்னால் உள்ள போன்களிடமிருந்து மட்டுமே. அதற்கு முன்னாலேயே லைனில் தட்டி எடுத்த எதையும் அது பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டில் நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பிராட்பேண்ட் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மாடிக்கு ஒரு பேரலல் இணைப்பு இழுத்திருப்பார்கள். அந்தக் கம்பி ஹாலில் வெளிக் கம்பி வந்து முடியும் ரோசெட் பெட்டியின் அதே இரண்டு திருகுகளிலிருந்து, அல்லது வாசலுக்கு வெளியே கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயரிலிருந்தே, புறப்பட்டிருக்கும். பின்னால் மோடம் வைக்க வந்தவர் ரோசெட்டின் துளையில் ஸ்ப்ளிட்டரைச் சொருகி, ஹால் போனை அதில் மாட்டிவிட்டுப் போயிருப்பார். மாடிப் போன் ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே நிற்கிறது. மாடிப் போன் என்றில்லை; பழைய ஃபேக்ஸ் எந்திரம், அழைப்பவர் எண் காட்டும் சிறு பெட்டி, கடையோடு சேர்ந்த வீடானால் சிறு இண்டர்காம் பெட்டி, படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் மறந்துபோன ஒரு போன் என்று எதுவும் இந்த வேலையைச் செய்யும். ரிசீவரைத் தூக்கவே தேவையில்லாமல் தானாக லைனை எடுக்கும் கருவிகள் இன்னும் குழப்பம் தருபவை.

இதைச் சோதிக்க மோடத்தின் பக்கத்தைத் திறந்துவையுங்கள். பெரும்பாலான மோடங்களில் உலாவியில் 192.168.1.1 என்று தட்டி உள்ளே போனால் Status பகுதியில் ADSL அல்லது DSL என்ற பக்கம் இருக்கும். டெல்நெட் அனுமதிக்கும் பிராட்காம் சில்லுள்ள மோடங்களில் பின்வரும் கட்டளை இன்னும் விரிவாகக் காட்டும்; புதிய மென்பொருளில் `adsl` என்பதற்குப் பதிலாக `xdslctl` என்று இருக்கும்.

```
adsl info --stats
```

எல்லாப் போன்களும் வைக்கப்பட்டிருக்கும்போது SNR Margin, வரும் வழியில் சமிக்ஞை எவ்வளவு மெலிகிறது என்று காட்டும் Attenuation, பிழைகளை எண்ணும் CRC ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு போனாக எடுத்து, ஓர் எண்ணை மட்டும் அழுத்தி டயல் டோனை நிறுத்திவிட்டு, சில நொடிகள் கையில் வைத்தபடி அந்த எண்களைப் பாருங்கள். ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் உள்ள போனை எடுத்தால் எண்கள் அசையக் கூடாது. அசைந்தாலும் ஒரு டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும். வடிகட்டி இல்லாத போனை எடுத்தவுடன் இடைவெளி பல டெசிபெல் சரியும், CRC எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறும், வைத்தவுடன் பழைய நிலைக்கு வரும். இப்படி எடுத்தால் கெட்டு வைத்தால் சரியாவதுதான் வடிகட்டிக் குறையின் கையெழுத்து.

எந்தப் போன் என்று தெரிந்துவிட்டால் தீர்வு இரண்டு வகை. மாடிக்குப் போகும் கம்பியை ரோசெட்டிலிருந்து கழற்றி, ஸ்ப்ளிட்டரின் போன் துளைக்குப் பின்னால் ஹால் போனோடு சேர்த்து இணைப்பது ஒன்று. என் பார்வையில் இதுவே நல்லது, ஏனென்றால் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் ஒரே வடிகட்டியின் பின்னால் வந்துவிடுகின்றன. மாடிக்கு இழுத்த கம்பியும் உயர் அலைகளின் பாதையிலிருந்து விலகிவிடுகிறது. கம்பியைத் தொட முடியாதபடி சுவருக்குள் போயிருந்தால், இன்னொரு ஸ்ப்ளிட்டர் வாங்கி மாடியில் அந்தப் போனுக்கு முன்னால் மாட்டி, மோடம் துளையைக் காலியாக விட்டுவிடலாம். வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: ஒரு லைனை இரண்டு போன்களுக்குப் பிரிக்கும் வெறும் இணைப்புத் துண்டும் கடையில் ஸ்ப்ளிட்டர் என்றே கிடைக்கும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அதற்குள் சுருளோ மின்தேக்கியோ கிடையாது. மூன்று துளைகளிலும் லைன், போன், மோடம் என்று தனித்தனியே எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் ஹாலில் இப்போது இருப்பதும் அந்த வெறும் துண்டுதானா என்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். துளைகளை மாற்றிச் சொருகி, மோடத்தைப் போன் துளையில் மாட்டியிருந்தால் ஒத்திசைவு பெரும்பாலும் வரவே வராது. உங்களுக்கு வருகிறது என்பதால் அந்தத் தவறு இங்கே இல்லை.

மாடிக்குப் போகும் கம்பியின் முனையில் போனே இல்லாவிட்டாலும், அந்தக் கம்பி லைனில் ஒரு கிளையாகத் தொங்குகிறது. சமிக்ஞை அதற்குள் போய் முனையில் மோதித் திரும்பி வந்து, கிளையின் நீளம் கால் அலைநீளமாக அமையும் அலைவரிசையை அடித்துவிடும். முப்பது மீட்டர் கிளை ஏறத்தாழ 1.6 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு பள்ளத்தை உண்டாக்கும். எக்ஸ்சேஞ்சுக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு இது வேகத்தைக் குறைக்கும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களுக்கு அந்த உயரத்தில் சமிக்ஞையே மிஞ்சுவதில்லை என்பதால் வேறுபாடு தெரியாது. எப்படியிருந்தாலும் கிளை அசையாமல் இருக்கும்வரை வேகத்தைத்தான் பாதிக்கும், ஒத்திசைவை அறுக்காது.

இனி அதிகாலைப் பிரச்சினைக்கு வருவோம். தளர்ந்த இணைப்பு என்றவுடன் பலரும் கம்பி கழன்று தொங்குவதாகவே நினைக்கிறார்கள். உண்மையில் தொல்லை தருவது தொட்டும் தொடாமலும் இருக்கும் இணைப்பே. ரோசெட் பெட்டியின் திருகு சற்றுத் தளர்ந்து, செம்புக்கும் திருகுக்கும் நடுவே ஒரு மெல்லிய களிம்புப் படலம் படிந்துவிடுகிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் அது பச்சையாகவே தெரியும். அந்தப் படலம் முழுமையாகத் தடுப்பதும் இல்லை, நன்றாகக் கடத்துவதும் இல்லை. ஏடிஎஸ்எல் சமிக்ஞையின் மிகச் சிறிய மின்னழுத்தம் அதைத் தாண்டத் தடுமாறுகிறது. ஈரம், பனி, சுவரின் சூடு குளிர்ச்சி எல்லாம் அதன் தடையை மாற்றுகின்றன. அதிகாலையில் பனி இறங்கும் நேரத்திலும், மழை நின்ற மறுநாளிலும், காற்றில் டிராப் வயர் ஆடும்போதும் ஒத்திசைவு போவதற்கு இதுவே காரணம்.

யாராவது போனை எடுத்துப் பேசத் தொடங்கினால் லைனில் சுமார் 20 முதல் 40 மில்லிஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓடுகிறது. அந்த ஓட்டம் களிம்புப் படலத்தைத் துளைத்து இணைப்பைத் தற்காலிகமாகச் சீராக்கிவிடுகிறது. அதனால் பேசிக்கொண்டிருக்கும்வரை இணையம் நன்றாக ஓடும். ரிசீவரை வைத்துச் சிறிது நேரம் கழித்து மறுபடியும் தடுமாறும். வடிகட்டிக் குறையில் பேச்சு இணையத்தைக் கெடுக்கிறது; களிம்பு இணைப்பில் பேச்சு இணையத்தைக் காப்பாற்றுகிறது. எல்லாத் தளர்ந்த இணைப்பும் இப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. கம்பி பாதி ஒடிந்து ஆடினால் பேச்சிலும் கரகரப்பு கேட்கும், மோடத்துக்குப் போகும் கம்பிக் கயிற்றைத் தொட்டாலே எண்கள் துள்ளும். ஆனால் “பேசும்போது சரியாகிறது” என்று யாராவது சொன்னால், நான் வேறெதையும் கேட்காமல் இணைப்புகளைத்தான் திறந்து பார்க்கச் சொல்வேன்.

இன்னொரு விநோதமும் உண்டு. இரண்டு கம்பிகளில் ஒன்று முற்றிலும் அறுந்துவிட்டால் டயல் டோன் போய்விடும், போன் செத்துவிடும். இணையம் மட்டும் மிகக் குறைந்த வேகத்தில், அடிக்கடி அறுந்து அறுந்து ஓடிக்கொண்டிருக்கலாம். உயர் அலைகள் அந்தச் சிறு இடைவெளியையும் மின்தேக்கியைக் கடப்பதுபோல ஓரளவு கடந்துவிடுகின்றன. தாழ்ந்த அலைவரிசையில் போகும் மேலேற்றத் தரவுக்குத்தான் அடி அதிகம். போன் செத்து, இணையம் தவழ்ந்தால் மோடத்தைச் சந்தேகிக்காமல் அறுந்த கம்பியைத் தேடுங்கள்.

இரண்டு பழுதும் ஒன்றாக இருந்த ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது. நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்துத் தெரு, மாடி வீடு, கீழே ஸ்ப்ளிட்டர், மேலே பேரலல் போன். மோடம் காட்டியது: Attenuation 34, SNR Margin 11. கீழ்ப் போனை எடுத்தபோது 11 அப்படியே நின்றது. மாடிப் போனை எடுத்தவுடன் 2 ஆயிற்று. CRC ஆயிரக்கணக்கில் ஏறியது. சில நொடிகளில் விளக்கு மினுக்கியது. மாடிக் கம்பியை ரோசெட்டிலிருந்து கழற்றிய பிறகு மணி அடிக்கும்போது அறுபடுவது நின்றுவிட்டது. வீட்டுக்காரர் வேலை முடிந்தது என்றே நினைத்தார். ஆனால் விடியற்காலையில் மட்டும் அறுபடுவது தொடர்ந்தது. அந்த நேரத்தில் பார்த்தபோது இடைவெளி 4 ஆக இருந்தது. அப்போது கீழ்ப் போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்திவிட்டுப் பிடித்திருந்தால் அது 10, 11 என்று ஏறியது. வைத்தால் மெல்ல இறங்கியது. ரோசெட்டைத் திறந்தபோது ஒரு திருகின் அடியில் செம்பு பச்சையாகக் களிம்பேறியிருந்தது. உறையைச் சீவும்போது கத்தி பட்டு அந்தக் கம்பி பாதி அறுபட்டும் இருந்தது. களிம்பேறிய பகுதியை வெட்டியெறிந்து, புதிதாக ஓர் அங்குலம் சீவி, திருகின் சுழற்சித் திசையிலேயே வளைத்துப் போட்டு இறுக்கியதும் இடைவெளி 12-க்கு வந்து நிலைத்தது. Attenuation 31 ஆகக் குறைந்தது. மாடிக் கம்பியை ஸ்ப்ளிட்டரின் போன் துளைக்குப் பின்னால் இணைத்துக் கொடுத்தபோது அந்த எண்கள் அசையவில்லை. இதில் Attenuation மாறியதைக் கவனியுங்கள். வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் உள்ள தொலைவு மாறுவதில்லை. ஆகவே அந்த எண் நாளுக்கு நாள் மூன்று நான்கு டெசிபெல் ஏறி இறங்கினால் நடுவே ஓர் இணைப்பு ஆடுகிறது என்றுதான் பொருள்.

நீங்களும் இதே வரிசையில் போகலாம். முதலில் வீட்டுக்குள் உள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் கம்பி முடியும் ரோசெட்டில், ஸ்ப்ளிட்டர்கூட இல்லாமல், நீளம் குறைந்த ஒரு கயிற்றால் மோடத்தை மட்டும் மாட்டுங்கள். மாடிக் கம்பியையும் திருகிலிருந்து விடுவிக்க வேண்டும். போனை மட்டும் பிடுங்கினால் போதாது. ரோசெட்டைத் திறந்திருக்கும்போதே திருகுகளையும் கம்பி முனைகளையும் புதுப்பித்துவிடுங்கள். லைனில் இருக்கும் 48 வோல்ட் பொதுவாக ஆபத்தானதன்று என்றாலும், மணி வரும்போது கையில் சுரீரென்று அடிக்கும். ஈரக் கையோடும், இடி மழை நேரத்திலும் தொடாதீர்கள். இதே நிலையில் மோடம் ஒரு நாள் முழுவதும், அதாவது தொல்லை தரும் அந்த அதிகாலையையும் சேர்த்து, ஓடட்டும். அதுவரை போன் இல்லாமல் இருப்பது சிரமம்தான். ஆனால் இந்தச் சோதனை தரும் தெளிவை வேறெதுவும் தராது.

அந்த ஒரு நாளில் ஒருமுறைகூட அறுபடாவிட்டால் பழுது வீட்டுக்குள்ளேதான். ஸ்ப்ளிட்டர், ஹால் போன், மாடிக் கம்பி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எண்களைப் பாருங்கள். மோடத்துக்குப் போகும் கயிற்றையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அதன் முனையில் உள்ள பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் சொருகி நிற்பதுபோலத் தோன்றினாலும் நடுவில் உள்ள இரண்டு தகடுகள் சரியாகப் பதியாது. பத்து மீட்டர் தட்டைக் கயிறு போட்டு மோடத்தை வேறு அறையில் வைத்திருந்தால் அதையும் குறையுங்கள். முறுக்கில்லாத தட்டைக் கயிறு வழியிலுள்ள டியூப் லைட் சோக்கு, மின்விசிறி ரெகுலேட்டர் ஆகியவற்றின் இரைச்சலை வாங்கிக்கொள்ளும்.

மோடம் மட்டும் தனியாக இருந்தபோதும் அறுபட்டால், பழுது ரோசெட்டுக்கு வெளியே, டிராப் வயரிலோ கம்பத்துப் பெட்டியிலோ தெருவோர இணைப்புப் பெட்டியான பில்லரிலோ உள்ள ஓர் இணைப்பில் இருக்கிறது. அப்போது புகார் கொடுக்கும்போது “இணையம் வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து லைனைச் சோதிக்கும்போது செலுத்தப்படும் மின்னழுத்தமே களிம்புப் படலத்தைத் துளைத்துவிடுவதால், சோதனையில் லைன் நன்றாக இருப்பதாகவே வரும், புகாரும் மூடப்பட்டுவிடும். மோடத்தைத் தவிர எதுவும் மாட்டாத நிலையில் இன்ன நேரத்தில் அறுபடுகிறது, அப்போது SNR Margin இவ்வளவு, Attenuation இவ்வளவிலிருந்து இவ்வளவுக்கு மாறுகிறது, போனை மாட்டிப் பேசினால் சரியாகிறது என்று எண்களோடு சொல்லுங்கள். லைன்மேன் வரும்போது, முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய கை இணைப்பு வழியில் எங்கே இருக்கிறது என்று நீங்களே முன்கூட்டிப் பார்த்து வைத்திருந்தால் அவருக்கும் வேலை எளிதாகும். பெரும்பாலும் சன்ஷேடுக்கு அடியிலோ கம்பத்தின் உச்சியிலோ அப்படி ஒன்று இருக்கும். அதற்கு மேல் இன்னும் டேப் சுற்றச் சொல்லாமல், வெட்டி எறிந்துவிட்டு இணைப்பே இல்லாத ஒரே டிராப் வயராக மாற்றித் தரும்படி கேளுங்கள்.

பழுது நீங்கிய பிறகு வேகம் முன்போலவே மந்தமாக இருந்தால், மோடம் கெட்ட நிலையில் செய்த உடன்பாட்டிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை ஒருமுறை அணைத்து, சில நிமிடங்கள் கழித்துப் போட்டால் புதிய நிலைக்கேற்ப மறுபடியும் அளந்துகொள்ளும். அப்படியும் ஏறாவிட்டால், அடிக்கடி அறுபட்ட லைன் என்று எக்ஸ்சேஞ்சில் உங்கள் வேக எல்லையைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டு, பழைய நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள்.